மனை அளவு அடியில இருக்கு, சதுரடி சென்ட் ஏக்கர் எப்படி போடுறது: கோணல் மனைக்கும் சேர்த்து

போன மாசம் என் தங்கச்சிக்கு ஒரு மனை பாக்கப் போனோம். புரோக்கர் பத்திர நகலை நீட்டி "சுத்தமா அஞ்சு சென்ட் இருக்குண்ணே, கொஞ்சம் கூடவே இருக்கு"ன்னார். பத்திரத்துல சொத்து விவரத்துல இருந்தது இதுதான்: கிழமேல் வடபுறம் 40 அடி, தென்புறம் 45 அடி, தென்வடல் கீழ்புறம் 55 அடி, மேல்புறம் 50 அடி. இதுல கீழ்புறம்னா கிழக்கு, மேல்புறம்னா மேற்கு. நாலு பக்கமும் நாலு அளவு, அதாவது மனை சதுரமும் இல்ல, செவ்வகமும் இல்ல. அவர் அங்கயே போன்ல கணக்கு போட்டு 5.12 சென்ட்னு காட்டினார். நாங்க டேப் பிடிச்சு அளந்து போட்டப்போ 4.96தான் வந்துச்சு. அவர் ஏமாத்தணும்னு செய்யல, அவருக்குத் தெரிஞ்ச முறையே அதுதான், ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் போடுறாங்க. அந்த முறை எங்க இடிக்குதுன்னும், டேப்பும் போன் கால்குலேட்டரும் மட்டும் வச்சுக்கிட்டு சரியா எப்படி போடுறதுன்னும் முதல்ல இருந்து சொல்றேன்.

மனசுல நிக்க வேண்டிய நம்பர்

ஒரு சென்ட் 435.6 சதுரடி. நூறு சென்ட் ஒரு ஏக்கர், அப்போ ஒரு ஏக்கர் 43,560 சதுரடி. இந்த ரெண்டையும் வச்சே எல்லாம் போட்டுடலாம்.

இது ஏன் இப்படி ஒரு மாதிரியான நம்பரா இருக்குன்னு எனக்கு ரொம்ப நாள் குழப்பம். வெள்ளைக்காரன் காலத்து சர்வே எல்லாம் சங்கிலியில அளந்தது, ஒரு சங்கிலி 66 அடி. ஒரு சங்கிலி அகலம், பத்து சங்கிலி நீளம் இருக்குற நிலத்தைத்தான் ஒரு ஏக்கர்னு வச்சான், 66ஐ 660ஆல பெருக்கிப் பாருங்க, 43,560 வரும். அதுல நூத்துல ஒரு பங்குதான் சென்ட், அந்தப் பேரே நூறுங்குறதுல இருந்து வந்ததுதான். இது தெரிஞ்சப்புறம் அந்த நம்பர் எனக்கு மறக்கவே இல்ல.

சென்னைப் பக்கம் ஆளுங்க கிரவுண்டுன்னு சொல்லுவாங்க, அது 2,400 சதுரடி, சென்ட்ல ஏறக்குறைய 5.51. தஞ்சாவூர்ப் பக்கம் குழி, மா கணக்கு. அங்க 144 சதுரடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா, அதனால ஒரு மா 33 சென்ட் சொச்சம் வரும். ஆனா குழி அளவு ஊருக்கு ஊர் மாறும், அதனால யாராவது குழியில விலை சொன்னா "உங்க ஊர்ல ஒரு குழி எத்தனை சதுரடி"ன்னு கேட்டுட்டு அப்புறம் கணக்குப் போடுங்க.

முதல்ல டேப்பும் இன்ச்சும்

நூறு அடி டேப் ஒண்ணு வேணும், ரெண்டு பேர் வேணும். டேப்போட பூஜ்யம் எங்க ஆரம்பிக்குதுன்னு முதல்ல பாத்துக்குங்க, சில டேப்ல அது வளையத்தோட நுனியில இருக்கும், சிலதுல வளையம் தாண்டி உள்ள இருக்கும், அது தெரியாம அளந்தா ஒவ்வொரு பக்கத்துலயும் ரெண்டு மூணு இன்ச் போயிடும். கல்லுக்குக் கல்லு பிடிக்கணும், ஒரே மாதிரி பிடிக்கணும், ஒரு கல்லுல வெளி ஓரம் இன்னொரு கல்லுல உள் ஓரம்னு பிடிக்கக் கூடாது. நடுவுல செடி இருந்தா டேப் அதைச் சுத்தி வளைஞ்சு போகும், செடியை ஒதுக்கிட்டு நேரா இழுத்துப் பிடிங்க. தரை சரிவா இருந்தா டேப்பைத் தரையோட போட்டு அளக்காதீங்க, மட்டமா தூக்கிப் பிடிச்சு துண்டு துண்டா அளந்து கூட்டுங்க, ஏன்னா நிலத்துக்குக் கணக்கு மட்டமா பாத்த நீளம்தான், சரிவுல ஏறி இறங்குன நீளம் இல்ல.

அடுத்தது இன்ச். புதுசா போடுறவங்க ரொம்பப் பேர் தப்பு பண்ற இடம் இது. 40 அடி 6 இன்ச்ன்னா அது 40.6 இல்ல. ஒரு அடிக்குப் பன்னெண்டு இன்ச், அதனால இன்ச்சை 12ஆல வகுத்து அடியோட சேக்கணும். 6ஐ 12ஆல வகுத்தா 0.5, அப்போ 40.5 அடி. 55 அடி 9 இன்ச்ன்னா 55.75. 30 அடி 11 இன்ச்சை 30.11ன்னு போட்டவங்களைப் பாத்திருக்கேன், அது நிஜத்துல 30.92, ஒரே பக்கத்துல முக்கால் அடிக்கு மேல காணாமப் போயிடுச்சு. நோட்டுல எழுதும்போதே புள்ளி வைக்காம "40 அடி 6 இன்ச்"ன்னு முழுசா எழுதிடுங்க, வீட்டுக்கு வந்து மாத்திக்கலாம். ஏற்கனவே யாராவது எழுதி வச்ச பேப்பர்ல 40.6ன்னு இருந்தா அது 40 அடி 6 இன்ச்சா இல்ல 40.6 அடியான்னு எழுதினவங்களையே கேக்கணும், பேப்பரைப் பாத்து மட்டும் சொல்லவே முடியாது.

மூலை நேரா இருக்குற மனை

இது சுலபம். நீளம் பெருக்கல் அகலம். 40க்கு 60 மனைன்னா 2,400 சதுரடி. அதை 435.6ஆல வகுத்தா 5.51 சென்ட். அதை இன்னும் நூறால வகுத்தா 0.0551 ஏக்கர்.

ஆனா எதிரெதிர் பக்கம் சமமா இருக்குறதால மட்டும் மூலை நேரா இருக்குன்னு ஆகாது. பழைய கயித்துக் கட்டில் சட்டம் ஆடிப்போய் ஒரு பக்கமா சாஞ்சு நிக்கும் பாருங்க, அந்த நாலு சட்டமும் அதே நீளம்தான், ஆனா உள்ள இருக்குற இடம் குறைஞ்சிடும். மனையும் அப்படித்தான். அதனால குறுக்க ஒரு மூலையில இருந்து எதிர் மூலைக்கு டேப் பிடிங்க, அப்புறம் மத்த ரெண்டு மூலைக்கும் பிடிங்க. ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இருந்தா மூலை நேரா இருக்கு. 40க்கு 60 மனைக்கு ரெண்டும் 72 அடி 1 இன்ச் கிட்ட வரணும். ஒண்ணு 70, இன்னொண்ணு 74ன்னு வந்தா அது கோணல் மனை, பெருக்கிப் போட்டா தப்பாகும்.

கோணல் மனை: இங்கதான் காசு போகுது

புரோக்கர் போட்ட கணக்கு இது. வடபுறம் 40, தென்புறம் 45, ரெண்டையும் கூட்டி பாதியாக்கினா 42.5. கீழ்புறம் 55, மேல்புறம் 50, கூட்டி பாதியாக்கினா 52.5. ரெண்டையும் பெருக்கினா 2,231.25 சதுரடி, 435.6ஆல வகுத்தா 5.12 சென்ட்.

பாக்க நியாயமாத்தான் தெரியும். ஆனா இந்த சராசரி முறை நேர் மூலை மனைக்கு மட்டும்தான் சரியான விடை தரும், மத்த எல்லா நாலு பக்க மனைக்கும் நிஜத்தை விட கூடத்தான் காட்டும், ஒருக்காலும் குறைச்சுக் காட்டாது. அதனால இந்த முறையில போட்டா எப்பவும் வாங்குறவங்களுக்குத்தான் நட்டம்.

அடிப்படையில என்ன பிரச்சனைன்னா, நாலு பக்க நீளத்தை மட்டும் வச்சு ஒரு மனையோட பரப்பைச் சொல்லவே முடியாது. கட்டில் கதைதான். பத்திரத்துல நாலு அளவுதான் இருக்கு, குறுக்களவு இல்ல. அதனால அஞ்சாவதா ஒரு அளவை நாமதான் எடுத்தாகணும், அதுதான் மூலைக்கு மூலை குறுக்களவு.

நாங்க வாயு மூலையில இருந்து அக்னி மூலைக்கு, அதாவது வடமேற்குல இருந்து தென்கிழக்குக்கு டேப் பிடிச்சோம், 75 அடி வந்துச்சு. இப்போ மனை ரெண்டு முக்கோணமா பிரிஞ்சிடுச்சு. முக்கோணத்துக்கு மூணு பக்கம் தெரிஞ்சா போதும், அது கட்டில் மாதிரி ஆடாது, பரப்பு ஒண்ணே ஒண்ணுதான் இருக்க முடியும். ஸ்கூல்ல படிச்ச ஹெரான் சூத்திரம் இதுக்குத்தான்:

```
s = (a + b + c) / 2
பரப்பு = √( s × (s−a) × (s−b) × (s−c) )
```

பயப்பட வேண்டாம், மூணு பக்கத்தையும் கூட்டி பாதியாக்கணும், அந்தப் பாதியில இருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியா கழிக்கணும், நாலு நம்பரையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கணும். போன் கால்குலேட்டர்ல √ பட்டன் தெரியலன்னா போனைப் படுக்க வச்சுப் பாருங்க, நிறைய போன்ல அப்போதான் வரும்.

முதல் முக்கோணம், வடகிழக்குப் பக்கம் இருக்குறது. பக்கங்கள் 40, 55, 75. கூட்டினா 170, பாதி 85. இப்போ கழிங்க: 85ல 40 போனா 45, 55 போனா 30, 75 போனா 10. 85 × 45 × 30 × 10 = 11,47,500. வர்க்கமூலம் 1,071.2 சதுரடி.

ரெண்டாவது முக்கோணம், தென்மேற்குப் பக்கம். பக்கங்கள் 45, 50, 75. இதுவும் கூட்டினா 170தான், பாதி 85, ரெண்டும் ஒண்ணா வந்தது தற்செயல், உங்க மனைக்கு வேற வேறயா வரும். 85ல 45 போனா 40, 50 போனா 35, 75 போனா 10. 85 × 40 × 35 × 10 = 11,90,000. வர்க்கமூலம் 1,090.9 சதுரடி.

ரெண்டையும் கூட்டினா 2,162.1 சதுரடி. 435.6ஆல வகுத்தா 4.96 சென்ட். ஏக்கர்ல சொல்லணும்னா 0.0496.

அஞ்சு சென்ட் கூட முழுசா இல்ல. அந்த ஏரியாவுல சென்ட் ஆறு லட்சம் சொன்னாங்க, 5.12க்கும் 4.96க்கும் நடுவுல இருக்குற 0.16 சென்ட்டுக்கு சுமார் 95 ஆயிரம் ரூபாய். இந்த மனை கொஞ்சம்தான் கோணல், அதனால வித்தியாசம் இவ்வளவோட நின்னுச்சு. இதே நாலு பக்கத்தோட குறுக்களவு மட்டும் 85 அடி வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு வீட்டுக்கு வந்து போட்டுப் பாத்தேன், 1,787 சதுரடி, 4.10 சென்ட்தான் வருது. பத்திரத்துல ஒரு எழுத்து மாறாது, புரோக்கர் கணக்கும் அதே 5.12தான் காட்டும், ஆனா மனையில ஒரு சென்ட் குறைவா இருக்கும். நீங்களே போட்டுப் பாருங்க, பழகுறதுக்கு நல்ல கணக்கு.

எக்செல் இல்ல கூகுள் ஷீட் இருந்தா A1, B1, C1ல மூணு பக்கத்தைப் போட்டு, D1லயும் E1லயும் இதைப் போடுங்க, E1ல பரப்பு வந்துடும்:

```
D1:  =(A1+B1+C1)/2
E1:  =SQRT(D1*(D1-A1)*(D1-B1)*(D1-C1))
```

#NUM!ன்னு எரர் வந்தா ஏதோ ஒரு அளவு தப்பு, ரெண்டு பக்கத்தைக் கூட்டினா மூணாவது பக்கத்தை விடக் கூடுதலா இருந்தாதான் முக்கோணமே ஆகும். இன்ச்சை சரியா மாத்துனீங்களான்னு முதல்ல பாருங்க, அப்புறம் போய் அளங்க.

போட்ட கணக்கு சரியான்னு எப்படி தெரியும்

இன்னொரு குறுக்களவையும் எடுங்க. நாங்க ஈசானிய மூலையில இருந்து கன்னி மூலைக்கு, அதாவது வடகிழக்குல இருந்து தென்மேற்குக்குப் பிடிச்சோம், 59 அடி. இப்போ மனை வேற விதமா ரெண்டு முக்கோணமா பிரியும்: 40, 50, 59 ஒண்ணு, 55, 45, 59 இன்னொண்ணு. முதல் முக்கோணம் 988 சதுரடி, அடுத்தது 1,173.7, கூட்டினா 2,161.7. முன்னாடி வந்தது 2,162.1. அரை சதுரடி கூட வித்தியாசம் இல்ல, அப்போ அளந்த ஆறு அளவும் சரி.

இப்படி ரெண்டு வழியிலயும் போட்டு ஒண்ணுக்கொண்ணு பத்து இருபது சதுரடி இடிச்சா எங்கயோ ஒரு அளவு தப்பா இருக்கு. இந்த மனையில குறுக்களவை ஒரு அடி கூட்டி 76ன்னு எடுத்திருந்தா பரப்பு 20 சதுரடி குறைஞ்சிருக்கும். அதனால பக்கத்தை எவ்வளவு கவனமா அளக்குறீங்களோ குறுக்களவை அதை விடக் கவனமா அளங்க, அதுதான் ரெண்டு முக்கோணத்துலயும் வருது, நீளமும் அதுக்குத்தான் ஜாஸ்தி, டேப் தொய்யிறதும் அங்கதான்.

மனைக்கு அஞ்சு மூலை ஆறு மூலை இருந்தாலும் இதே வழிதான். ஒரு மூலையில நின்னுக்கிட்டு மத்த மூலைகளுக்கெல்லாம் டேப் பிடிச்சா அஞ்சு மூலைக்கு மூணு முக்கோணம், ஆறு மூலைக்கு நாலு முக்கோணம் வரும், தனித்தனியா போட்டு கூட்டிக்கங்க. நடுவுல ஒரு மூலை உள்வாங்கி இருந்தா அந்த உள்வாங்குன மூலையில நின்னு பிரிங்க, அப்போதான் குறுக்குக் கோடு மனைக்கு வெளிய போகாது.

சென்ட் ஆக்குறதை மட்டும் கடைசியில ஒரே தடவை செய்யுங்க. ஒவ்வொரு முக்கோணத்தையும் தனியா சென்ட் ஆக்கி, ரவுண்ட் பண்ணி, அப்புறம் கூட்டினா சின்னச் சின்னதா பிசகும்.

பெரிய நிலம்னா ஏக்கர்

தோட்டம் வயல்னு வரும்போது வழி அதேதான், நம்பர் மட்டும் பெருசு. 415 அடிக்கு 210 அடி நேர் மூலை நிலம்னா 87,150 சதுரடி, 435.6ஆல வகுத்தா 200 சென்ட் சொச்சம், அதாவது ரெண்டு ஏக்கர். கண்ணால ஒரு அந்தாசு வேணும்னா, ஒரு ஏக்கர் சதுரமா இருந்தா ஒரு பக்கம் 209 அடி கிட்ட வரும். உங்க விடை 20 ஏக்கர்னு வந்து நிலம் அந்தளவுக்குத் தெரியலன்னா புள்ளி எங்கயோ நகர்ந்திருக்கு.

அந்தப் புள்ளிதான் இங்க பெரிய தொல்லை. 1.5 ஏக்கர்ன்னா ஒண்ணரை ஏக்கர், அதாவது 1 ஏக்கர் 50 சென்ட். 1 ஏக்கர் 5 சென்ட்டை எழுதணும்னா 1.05ன்னு எழுதணும். வாயால "ஒண்ணு புள்ளி அஞ்சு"ன்னு சொல்லும்போது ஒருத்தர் இதை நினைக்கிறார் இன்னொருத்தர் அதை நினைக்கிறார், நடுவுல 45 சென்ட் வித்தியாசம். பேசும்போது ஏக்கரையும் சென்ட்டையும் தனியா சொல்லிடுங்க.

பட்டாவோட ஒத்துப் பாக்குறது

டேப் கணக்கு முடிஞ்சதும் eservices.tn.gov.in போய் அந்த சர்வே நம்பருக்குப் பட்டாவையும், பக்க அளவோட நிலத்தை வரைஞ்சிருக்குற புலப்படத்தையும் எடுங்க. பட்டாவுல சென்ட் இருக்காது, ஹெக்டேர் ஏர்னு இருக்கும். 0 - 2.01ன்னு போட்டிருந்தா ஹெக்டேர் பூஜ்யம், ஏர் 2.01. ஒரு ஏர் நூறு சதுர மீட்டர், சென்ட்ல 2.471. அப்போ 2.01 × 2.471 = 4.97 சென்ட். முழு ஹெக்டேர் இருந்தா நூறு ஏர், அதாவது 247.1 சென்ட், 2.47 ஏக்கர், ரெண்டரைக்குக் கொஞ்சம் கம்மி. சிலர் ஏரை ஏக்கர்னு படிச்சுடுறாங்க, அதுல மட்டும் கவனமா இருங்க.

புலப்படத்துல பக்க அளவு எந்த யூனிட்ல இருக்குன்னும் பாக்கணும். புதுசு மீட்டர்ல இருக்கும், ஒரு மீட்டர் 3.281 அடி. பழைய படம் லிங்க்ஸ்ல இருக்கும், சங்கிலியை நூறா பிரிச்சதுல ஒண்ணு, 0.66 அடி. சந்தேகம்னா ஒரு பக்கத்தை நீங்களே டேப்ல அளந்து ஒப்பிட்டா தெரிஞ்சிடும்: நேர்ல 66 அடி இருக்குற பக்கத்துக்குப் படத்துல 100ன்னு இருந்தா அது லிங்க்ஸ், 20 சொச்சம்னு இருந்தா மீட்டர். லிங்க்ஸ் படத்துல ஒரு வசதி, அந்த அளவுலயே பரப்பு போட்டு ஆயிரத்தால வகுத்தா நேரா சென்ட் வந்துடும், ஆயிரம் சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட்.

உங்க டேப் கணக்கும் பட்டாவும் சில சதுரடி முன்ன பின்ன இருந்தா பரவாயில்ல. கால் சென்ட் அரை சென்ட்னு இடிச்சா கல்லு நகர்ந்திருக்கலாம், பாதைக்கு விட்ட இடத்தையும் சேத்து அளந்திருக்கலாம், உட்பிரிவு ஆகாம இருக்கலாம். அது நம்ம டேப்ல தீராது, தாலுகா ஆபீஸ்ல அளவைக்கு மனு போட்டு சர்வேயர் வந்து கல்லு காட்டினப்புறம் பேசுறதுதான் சரி, அதுவரைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

எங்க விஷயத்துல பட்டாவுல 0 - 2.01ன்னே இருந்துச்சு. நாங்க போட்ட பேப்பரையும் பட்டாவையும் பக்கத்துல வச்சு புரோக்கர்கிட்டயும் விக்கிறவர்கிட்டயும் காட்டினோம், அவங்களே ஒரு தடவை கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தாங்க. மொத்தமா இவ்வளவுன்னு பேசினதை விட்டுட்டு 4.96 சென்ட்டுக்கு சென்ட் விலைன்னு பேசி முடிச்சோம், புதுப் பத்திரத்துல நாலு பக்கத்தோட ரெண்டு குறுக்களவையும் 2,162 சதுரடின்னும் சேத்து எழுதச் சொல்லியிருக்கோம்.